‘அவன் இப்போதெல்லாம் வேறு மாதிரி இருக்கிறான்’

காற்பந்து விளையாடும்போது கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டால் எவ்வளவு நேரத்தில் மருத்துவரைப் பார்ப்பீர்கள்? அன்று மாலைக்குள் யாராவது உங்களை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். மனநலக் கழகம் 2001ஆம் ஆண்டில் ஒரு சிறப்புத் திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பு, சிங்கப்பூரில் முதன்முறையாக சைக்கோசிஸ் என்ற மனநிலைக்கு ஆளானவர்களில் பாதிப் பேர், அறிகுறிகள் தோன்றி 12 மாதங்களுக்கும் மேல் ஆன பிறகுதான் சிகிச்சைக்கு வந்தார்கள். ஓர் ஆண்டு என்பது ஒரு மாணவருக்கு முழு உயர்நிலை நான்கு.

‘ஈபிப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் திட்டம், பொது மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது. பொதுமக்களிடம் நேரடியாகப் பேசியது. சில ஆண்டுகளில் அந்த 12 மாதங்கள் 4 மாதங்களாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் வந்ததால் நேர்ந்த மாற்றம் அன்று இது. கவனித்தவர்கள் சீக்கிரமாகச் சொன்னார்கள், கேட்டவர்கள் சீக்கிரமாக அனுப்பிவைத்தார்கள்.

இதை ஏன் மாணவர் பக்கத்தில் எழுதுகிறோம்? சைக்கோசிஸும், அதன் உறவினர் என்று சொல்லக்கூடிய மேனியாவும் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதிக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. அந்த வயதில் ஒருவரோடு நாளில் அதிக நேரம் இருப்பவர் அம்மாவோ மருத்துவரோ அல்லர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

சைக்கோசிஸ் என்பது ஒரே ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஒரு நிலை. பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எது உண்மையில் நடக்கிறது, எது தன் மூளைக்குள் மட்டும் நடக்கிறது என்று பிரித்தறிவது அந்த நிலையில் கடினமாகிவிடும். ஏறத்தாழ நூறு பேரில் மூவர் வாழ்நாளில் ஒருமுறையாவது அதைச் சந்திக்கிறார்கள். சிலருக்கு அது ஒரே ஒரு முறை வந்து போய்விடும். சிலருக்கு மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கும். மேனியா என்பது மனவெழுச்சியும் உடலின் வேகமும் அளவுக்குமீறி ஏறி, இறங்காமலே நிற்கும் நிலை. அதைப் பிறகு பார்ப்போம்.

மூளை போடும் தவறான அடிக்கோடு

நம் மூளைக்கு ஒவ்வொரு நொடியும் ஏராளமான தகவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பேருந்தின் இரைச்சல், யாரோ இருமுவது, எதிரில் இருப்பவர் தலையைத் திருப்புவது. இவற்றில் பெரும்பாலானவற்றை மூளை ஒதுக்கித் தள்ளுகிறது. ‘இதைக் கவனி, இது முக்கியம்’ என்று சிலவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுகிறது. அந்த அடிக்கோடு போடும் வேலையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சைக்கோசிஸில் டோப்பமின் தவறான நேரங்களில் சுரக்கிறது, அதனால் முக்கியமில்லாதவற்றுக்கெல்லாம் அடிக்கோடு விழுகிறது என்று மனநல ஆய்வாளர் ஷிதிஜ் கபூர் 2003ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். இன்றும் பலர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் அது. எல்லாவற்றையும் அது விளக்கிவிடாது என்றாலும், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மிகவும் உதவுகிறது. எதிரில் இருப்பவர் தற்செயலாகத் தலையைத் திருப்பினார். ஆனால் உங்கள் மூளை அதற்குச் சிவப்பில் அடிக்கோடு போட்டுவிட்டது. இப்போது உங்களுக்கு ஒரு காரணம் தேவைப்படும். ‘ஏன் இது இவ்வளவு முக்கியமாகத் தோன்றுகிறது? அவர் என்னைக் கண்காணிக்கிறார் போலும்.’ இப்படி ஒரு நாளில் நாற்பது முறை நடந்தால், நாற்பதையும் இணைக்கும் ஒரு கதையை மூளை கட்டத்தான் செய்யும். அந்தக் கதைக்குப் பெயர்தான் மருட்சி. அது முட்டாள்தனத்தால் வருவதன்று. வகுப்பிலேயே கெட்டிக்காரராக இருப்பவரின் மூளை இன்னும் கெட்டிக்காரத்தனமான கதையைக் கட்டும், அவ்வளவுதான்.

இதிலிருந்து உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. கதை ஒரே நாளில் முழுமையாக வந்துவிடுவதில்லை. முதலில் அடிக்கோடுகள், பிறகு சந்தேகம், பிறகு கதை, கடைசியில் உறுதி. வழக்கமாக இதற்குப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளிதான் உதவி செய்ய ஏற்ற காலம்.

கதிரின் எட்டு வாரங்கள்

பலருடைய அனுபவங்களில் பொதுவாகக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் கதிர், வயது 16, உயர்நிலை நான்கு. பூப்பந்து அவனுடைய இணைப்பாட நடவடிக்கை. அவனோடு தொடக்கநிலை முதல் படித்துவரும் நண்பன் ஹரி. அவனும் கற்பனைதான்.

முதல் இரண்டு வாரங்களில் ஹரியின் கண்ணில் பட்டவை மிகச் சாதாரணமானவை. பின்னிரவு மூன்று மணிக்கும் கதிர் இணையத்தில் இருப்பது தெரிந்தது. பூப்பந்துப் பயிற்சிக்கு இரண்டு முறை வரவில்லை. கணக்குத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. முன்னோட்டத் தேர்வு நெருங்குகிறது, யாருக்குத்தான் தூக்கம் வருகிறது? ஹரி பொருட்படுத்தவில்லை. அது சரியான முடிவுதான். இந்தக் கட்டத்தில் இருக்கும் பத்து மாணவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தேர்வு, காதல், வீட்டுச் சண்டை, கைத்தொலைபேசி ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வாரம் பெருவிரைவு ரயிலில் போகும்போது கதிர் காதுபேசியைக் கழற்றிப் பையில் போட்டான். “எதிர்ல இருக்கிறவங்க என்னைப் பத்திதான் பேசறாங்க” என்றான். ஹரி திரும்பிப் பார்த்தான். இரண்டு பாட்டிமார்கள் சீன மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். “உனக்குச் சீனம் தெரியாதேடா” என்று ஹரி சிரித்தான். கதிரும் கொஞ்சம் சிரித்தான். “ஆமா, எனக்கே லூசுத்தனமா இருக்கு. ஆனா அப்படித்தான் தோணுது.”

இந்த ஒரு வரியை நன்றாகக் கவனியுங்கள். கதிரிடம் இன்னும் சந்தேகம் இருக்கிறது. தோன்றுவதையும் உண்மையையும் அவனால் ஓரளவு பிரித்துப் பார்க்க முடிகிறது. அதே நிலையில் ஒரு மருத்துவரைப் பார்த்தால் அவன் தானாகவே எல்லாவற்றையும் சொல்வான். என்னைக் கேட்டால், மற்ற எந்த அறிகுறியையும்விட இந்த ‘எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்ற பேச்சைத்தான் மாணவர்கள் காதில் வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். அதைக் கேட்கும்போது சிரித்துவிட்டு நகர்வதுதான் நம் வழக்கம்.

ஐந்தாம் வாரம் சந்தேகம் குறையத் தொடங்கியது. கார்களின் எண் பலகைகளில் தனக்கு ஏதோ செய்தி இருப்பதாகச் சொன்னான். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ தன்னைக் குறிவைத்து எழுதுவதாகச் சொல்லி, பழைய செய்திகளையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தான். மடித்துத் தேய்த்த சீருடையோடு வருபவன் மூன்று நாள்களாக ஒரே சட்டையைப் போட்டிருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நின்றது. கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லாமல் போனது. உணவகத்தில் எல்லாருடனும் உட்காராமல் சுவரில் முதுகு படும்படியான மூலையைத் தேடினான்.

ஏழாம் வாரம், அருகில் யாரும் இல்லாத நேரத்தில் கதிர் தலையைச் சாய்த்து எதையோ கேட்பதை ஹரி பார்த்தான். கேட்டபோது, “நான் செய்றதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்காங்க” என்றான். யார் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்த முறை கதிர் சிரிக்கவில்லை.

இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்தால் எந்தப் பொருளும் இல்லை. தூங்கப்போகும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்பது பலருக்கும் நடக்கிறது. தாத்தா இறந்த வாரத்தில் அவருடைய குரல் கேட்டதாகச் சொல்பவரும் நோயாளி அல்லர். கடவுள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புபவர் தன் குடும்பத்தாரோடு சேர்ந்துதான் நம்புகிறார். அதனால் பட்டியல் போட்டு எண்ணிப் பார்ப்பதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. இது இவரிடம் புதிதா? வாரத்துக்கு வாரம் கூடுகிறதா? இதனால் படிப்பு, நட்பு, தூக்கம், குளியல் போன்ற அன்றாட வாழ்க்கை சரிகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஹரியின் கணக்கில் ஐந்தாம் வாரமே மூன்றும் ‘ஆமாம்’ ஆகிவிட்டன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சந்தேகம் இன்னும் மிச்சமிருக்கும் ஆரம்பக் கட்டத்தில் மருத்துவரிடம் வருபவர்கள் எல்லாருக்கும் சைக்கோசிஸ் வந்துவிடுவதில்லை. வெளிநாடுகளில் அத்தகையவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளுக்குள் சுமார் கால்வாசிப் பேருக்குத்தான் அது முழுமையாக வந்தது. மற்றவர்களுக்கு மன அழுத்தமோ பதற்றமோ இருந்தது, அல்லது அறிகுறிகள் தாமாகவே அடங்கின. எனவே நண்பனை ஆலோசகரிடம் அனுப்புவது அவன்மீது ஒரு முத்திரை குத்துவதாகாது. புகை வருகிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்வதுதான் அது.

தூங்காமலே சுறுசுறுப்பு

மேனியா இதற்கு நேர்மாறாகத் தொடங்கலாம். கதிர் ஒதுங்கிப் போனான். மேனியாவின் தொடக்கத்தில் இருப்பவர் எல்லா இடத்திலும் இருப்பார். அதனால் அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. ‘இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு உற்சாகம்!’ என்று ஆசிரியர்கள்கூடப் பாராட்டுவார்கள்.

அதைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி தூக்கத்தைக் கவனிப்பது. தேர்வுக்காக இரவு முழுவதும் விழித்திருந்தால் மறுநாள் உங்களுக்கு என்ன ஆகும்? முதல் பாடவேளையிலேயே தலை மேசையில் சாயும். கவலையால் தூக்கம் வராதவருக்கும் அப்படித்தான். தூங்க ஆசைப்படுவார், முடியாது, காலையில் களைத்துப்போய் வருவார். மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே தேவைப்படாது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியவரைப்போல் எழுவார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. களைப்பு மட்டும் வரவே வராது. களைப்பு இல்லாத தூக்கமின்மை நான்கைந்து நாள்களாக நீடித்தால் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூடவே வேறு மாற்றங்களும் வரும். பேச்சு குறுக்கிட முடியாத வேகத்தில் ஓடும். ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்த யோசனைக்குத் தாவும். ஒரே இரவில் மூன்று தொழில்களைத் தொடங்கத் திட்டமிடுவார். சீனப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் சேர்த்த பணம் முழுவதையும் இரண்டே நாளில் இணையக் கடைகளில் செலவழித்துவிடுவார். முன்பின் தெரியாதவர்களிடம் அந்தரங்கமான செய்திகளைக் கொட்டுவார். தனக்குச் சிறப்புச் சக்தி இருப்பதாகவும் சொல்லக்கூடும். பதின்ம வயதினரிடம் எப்போதும் மகிழ்ச்சிதான் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலரிடம் கடும் எரிச்சல்தான் முதலில் தெரியும். “மெதுவாகப் பேசேன்” என்ற ஒரு வார்த்தைக்கே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்.

ஒரு வாரம் அல்லது அதற்கு மேல், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்தால்தான் மருத்துவர்கள் மேனியா என்று பெயரிடுவார்கள். ஆனால் உதவி கேட்பதற்கு நீங்கள் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. மேனியா ஏறுகிற வேகம் சைக்கோசிஸைவிட அதிகம். திங்கட்கிழமை உற்சாகமாகத் தெரிந்தவர் வெள்ளிக்கிழமைக்குள் ஆபத்தான நிலைக்குப் போய்விட முடியும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென்று இப்படி மாறினால், அதே நாளில் அவருடைய மருத்துவருக்குத் தெரிவிக்கும்படி வீட்டாரிடம் சொல்ல வேண்டும். ‘அப்பாடா, சரியாகிவிட்டாள்’ என்று நினைத்துவிடுவது அங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

ஹரி என்ன சொன்னான், யாரிடம் சொன்னான்

மீண்டும் கதிரிடம் வருவோம். ஏழாம் வாரம் செவ்வாய்க்கிழமை. ஹரிக்கு முன்னால் இருந்த முதல் தடை ஒரு வாக்குறுதி. “யார்கிட்டயும் சொல்லாதே” என்று கதிர் கேட்டிருந்தான். இப்படிக் கேட்கும் நண்பரிடம் ‘சரி’ என்று சொல்லாதீர்கள். “உனக்கு உதவி செய்ய முடிஞ்ச ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்குறுதி. வகுப்புக் குழுவில் அதைப் பற்றி எழுதுவதும், நண்பனைக் காணொளி எடுப்பதும் அந்த வாக்குறுதியை உடைப்பவை. தன்னை எல்லாரும் கண்காணிக்கிறார்கள் என்று நம்புபவருக்கு நேராகக் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தடை, என்ன சொல்வது என்று தெரியாமை. ‘மிஸ், கதிர் ஒரு மாதிரியா இருக்கான்’ என்றால் ஆலோசகரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ‘கதிருக்கு மனச்சிதைவு மிஸ்’ என்றால் இன்னும் மோசம்; ஹரி மருத்துவர் அல்லன். பார்த்ததையும் கேட்டதையும் நாளோடு சேர்த்துச் சொல்வதுதான் பயன்படும். ஹரி தன் தொலைபேசியில் நான்கு வரிகளில் குறித்துவைத்திருந்தான். பள்ளி ஆலோசகரின் அறையில் அதை அப்படியே படித்தான்.

“ஜூலை கடைசியிலேருந்து பயிற்சிக்கு வரல மிஸ். மூணு வாரம் முன்னாடி ரயில்ல யாரோ தன்னைப் பத்திப் பேசறாங்கன்னு சொன்னான், அப்போ அவனே அதை நம்பல. இப்போ நம்பறான். போன வாரம் முழுக்க ஒரே சட்டை. நேத்து யாரும் இல்லாதப்போ யாரோ பேசறதைக் கேட்டான், அவன் செய்றதைச் சொல்லிக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னான்.”

பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஆலோசகர் கேட்ட கேள்விகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் உங்களிடம் இவற்றைத்தான் கேட்பார்கள். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவதைப் பற்றி எதுவும் சொன்னானா? எதையாவது செய்யச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறதா? சாப்பிடுகிறானா, தூங்குகிறானா? கஞ்சா போன்ற எதையாவது பயன்படுத்துகிறானா? கடைசிக் கேள்விக்கு நண்பர்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. போதைப்பொருள் சைக்கோசிஸைத் தூண்டக்கூடும் என்பதால்தான் அது கேட்கப்படுகிறது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

ஆலோசகர் அன்றே கதிரின் பெற்றோரை அழைப்பார். பள்ளிகளோடு இணைந்து இயங்கும் ‘ரீச்’ என்ற மனநலக் குழுவிடம் ஆலோசனை கேட்பார். மருத்துவமனைகளிலிருந்து செயல்படும் அந்தக் குழுக்களில் மருத்துவர், உளவியலாளர், தாதி, சமூக ஊழியர் போன்றோர் இருப்பார்கள். எவ்வளவு அவசரம், யார் பார்க்க வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்ய உதவுவார்கள். பள்ளியில் சொல்ல விரும்பாத குடும்பங்கள் பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமான குடும்ப மருத்துவரிடமோ போய் மனநலக் கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். 16 முதல் 30 வயது வரையிலானோர் ‘சாட்’ என்ற சேவையைத் தாங்களே தொடர்புகொண்டு மனநல மதிப்பீடு செய்துகொள்ளவும் முடியும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு, கட்டளையிடும் குரல், தற்காப்புக்கென்று கத்தி போன்றவற்றை எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பயம், நாள்கணக்கில் உணவோ உறக்கமோ இல்லாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதம், முன்பதிவு எதுவும் தேவையில்லை. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு நாள் முழுவதும் திறந்திருக்கும். அதன் உதவித் தொலைபேசி 6389 2222, அதுவும் 24 மணி நேரம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம். உயிர் மாய்ப்பு எண்ணம் இருந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 1767. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. அப்படிப்பட்ட நேரத்தில் நண்பரைத் தனியாக விட்டுவிட்டு உதவி தேடிப் போகாதீர்கள், இன்னொருவரை அனுப்புங்கள். உங்களுக்கே ஆபத்து என்று தோன்றினால் முதலில் விலகி நின்று, பிறகு பெரியவரை அழையுங்கள்.

வீட்டில் நடக்கும் விவாதம்

கதிரின் வீட்டில் இரண்டு கருத்துகள் இருந்தன. தேர்வுப் பயம், முடிந்தால் சரியாகிவிடும் என்றார் அப்பா. யாரோ கண் வைத்துவிட்டார்கள், ஜொகூரில் ஒருவர் இருக்கிறார், மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்றார் பெரியம்மா. நம் சமூகத்துக்கு இது புதிய விவாதமன்று. சீன, மலாய் வீடுகளிலும் இதே விவாதம் வேறு பெயர்களில் நடக்கிறது. கோயிலுக்குப் போவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அங்கே கிடைக்கும் ஆறுதலை மருத்துவமனை தராது. சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. ‘முதலில் இதைப் பார்ப்போம், சரிவராவிட்டால் மருத்துவமனை’ என்று வைத்தால் மூன்று மாதங்கள் ஓடிவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாம் என்று பெரியம்மாவிடம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

மருத்துவர் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கதிரிடம் பேசுவதோடு நில்லாமல் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, போதைப்பொருள், சில மருந்துகளின் பக்கவிளைவு, மூளை அழற்சி ஆகியவையும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும். உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூளையின் ஏற்பிகளையே தாக்கும் ஒரு வகை மூளை அழற்சியை ஹோசெப் டால்மவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவரது குழுவினரும் 2007இல் விவரித்தார்கள். அது தாக்கியவர்களில் பலர் இளம்பெண்கள். தொடக்கத்தில் மனநோய்போலவே தோன்றும், பிறகு வலிப்பு வரும். அது அரிது. ஆனால் அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. காய்ச்சல், வலிப்பு, குழப்பமான சுயநினைவு ஆகியவற்றோடு நடத்தையும் சில நாள்களுக்குள் மாறினால், நேரே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

நண்பனிடம் பேசுவது

“யாரும் உன்னைப் பார்க்கல, சும்மா கற்பனை பண்ணாதே” என்று ஹரி ஐந்தாம் வாரம் வாதாடினான். அதற்குப் பிறகு கதிர் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. வாதாடினால் அடிக்கோடு அழியாது. வாதாடுபவரும் கதைக்குள் ஒரு பாத்திரமாகிவிடுவார். அதற்காக “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று ஒத்து ஊதவும் கூடாது. கதையை விட்டுவிட்டு உணர்வைப் பிடிக்க வேண்டும். “எனக்கு அந்தக் குரல் கேட்கல. ஆனா நீ ரொம்பப் பயந்துபோயிருக்கேன்னு தெரியுது. தூங்கியே நாளாச்சு இல்ல?” குரலைப் பற்றிப் பேச மறுப்பவர்கூட, தூக்கமில்லாததற்காக மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலும் சம்மதிப்பார். கதிரும் அப்படித்தான் சம்மதித்தான். ஆலோசகர் அறைக்கு ஹரியும் கூடவே போனான். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

எட்டாம் வாரம் கதிர் சிகிச்சையைத் தொடங்கினான். டோப்பமினின் செயலைக் குறைக்கும் மருந்து, குறைந்த அளவில். ‘ஈபிப்’ போன்ற திட்டங்களில் மருத்துவரோடு ஒரு தனிப் பொறுப்பாளரும் இருப்பார். அவர் குடும்பத்தாரிடம் பேசுவார், பள்ளிக்குத் திரும்புவதைத் திட்டமிடுவார். மருந்து அடிக்கோடுகளைச் சில வாரங்களில் மங்கச் செய்கிறது. பயமும் குரலும் முதலில் தணியும். அதுவரை கட்டிய கதை மறைய இன்னும் நாளாகும். முதல் முறை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நன்றாகக் கட்டுப்படுகின்றன. சரியாகிவிட்டது என்று தானாக மருந்தை நிறுத்துவதுதான் மறுபடியும் வருவதற்கான முக்கியக் காரணம்.

கதிர் வகுப்புக்குத் திரும்பும் நாளில் முன்பு இருந்ததுபோல் இருக்கமாட்டான். மருந்தால் மந்தமாகத் தெரியலாம், எடை கூடியிருக்கலாம், நகைச்சுவைக்கு ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கலாம். பாடத்தை ஒரே மூச்சில் படிக்க முடியாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கலாம். எங்கே போயிருந்தாய் என்று அவனைக் கேட்க வேண்டியதில்லை. விட்டுப்போன ஆறு வாரக் குறிப்புகளில் எதை முதலில் படிக்கலாம் என்று காட்டுங்கள். உணவகத்தில் அவன் தேடும் அந்தச் சுவரோர இருக்கையைக் கொஞ்ச நாளைக்கு அவனுக்கு விட்டுக்கொடுத்து, எதிரில் நீங்கள் உட்காருங்கள். தூக்கம் மறுபடி கெடத் தொடங்கினால் அதை முதலில் பார்க்கப்போவதும் நீங்களாகத்தான் இருக்கும். அப்போது ஏழாம் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அவனுடைய பொறுப்பாளரின் எண் கதிரின் அம்மாவிடம் இருக்கிறது.